மனைவி பெயரில்: இல்லை

— அண்ணா, மோசம் போயிட்டோமுங்க. அக்காவோட சத்தியவாக்குமூலத்துல கொழிஞ்சாம்பாறை ஊடு இருக்குதுங்க. உங்களோடதுல இல்லைங்க.

— என்ன வக்கீலு உளர்ற? செபமால பேப்பர நீதான எழுதிக் குடுத்த?

— நான் எழுதுன பேப்பரு இல்லீங்க அது. இந்தப் போனப் பாருங்க, எலக்சன் கமிஷன் சைட்டுல ஏத்திட்டாங்க. கைப்பட எழுதி, அடிமாலி நோட்டரி சீல் வச்ச பேப்பரு. சர்வே நெம்பரு, எத்தன சென்ட்டு, வாங்குன தேதி, வாங்குன வெல, இன்னைக்கு மார்க்கெட்டு வெல. ஒரு கட்டங்கூட வெறுசா இல்லைங்க.

— ஏ செபமால! அடுப்ப விட்டுட்டு இங்க வா. பூபதிராஜா என்னமோ சொல்றான் பாரு.

— கேட்டுச்சுங்க. இந்த லயத்துல ஒரு வீட்டுல தும்முனா ஆறு வீட்டுக்குக் கேக்கும். எழுதுனது நான்தான்.

— நீயா? கோட்டி புடிச்சிருச்சா ஒனக்கு? நீ டம்மிடி! என் வேட்புமனுப் பத்திரிகைய ஏதாச்சும் கொற சொல்லித் தள்ளிட்டா, கட்சிக்கு ஒரு ஆளு வேணுமேன்னு வச்ச டம்மி. டம்மி எதுக்குடி சொந்தமா எழுதணும்?

— டம்மியா இருந்தாலும் சத்தியம் நான்தான பண்ணணும்? 'மேலே கண்டது எல்லாம் உண்மை, எதையும் மறைக்கவில்லை'ன்னு கீழ போட்டிருக்கு. பொய்யின்னா ஆறு மாசம் ஜெயிலு, இல்ல அபராதம்னு நோட்டரி வாசிச்சுச் சொன்னாரு. உங்களுக்கு ஜெயிலு பழக்கம். எனக்கு இல்ல.

— பாத்தியா வக்கீலு, பேச்ச?

— அக்கா சொல்றது செரிதானுங்க. ஆனா நடப்புல யாரும் உள்ள போனதில்லீங்க. அண்ணா, நீங்க பதறாதீங்க. நாளைக்குப் பதினோரு மணிக்குப் பத்திரிகை பரிசோதனை. வரணாதிகாரி, அதானுங்க தேர்தல் அதிகாரி, என்ன பார்ப்பாருன்னா, கட்டம் எல்லாம் நெறஞ்சிருக்குதா, கையெழுத்து இருக்குதா, அவ்வளவுதான். நெசமா பொய்யான்னு விசாரிக்கறது அவரு வேலை இல்லீங்க. வெறுசா உட்டாத்தான் தள்ளுவாங்க. பொய் எழுதுனா தள்ள மாட்டாங்க.

— அப்படிச் சொல்லு! சாரமில்ல. பரவால்ல, சாரமில்ல.

— நல்ல சட்டந்தான். வெறும் எடம் விட்டவன் குத்தவாளி, பொய்ய எழுதி ரொப்புனவன் யோக்கியன்.

— சட்டத்த எனக்குச் சொல்லிக் குடுக்காதடி. இந்த எஸ்டேட்டுக்குச் சட்டத்தக் கொண்டாந்தவனே நான்தான்.

— ஆமா, பொஸ்தகத்துல அப்படித்தான் இருக்கு. தம்பி வக்கீலு, பிரச்சாரத்துக்கு அச்சடிச்ச பொஸ்தகம் நீங்க எழுதுனதுதான?

— 'லயத்து விடிவெள்ளி சூசையப்பன்'. நாந்தானுங்க அக்கா. ஏனுங்க, படிச்சீங்களா?

— உக்காந்து படிச்சேன். அவசரநிலைக் காலத்துல வாலிபனா ஜெயிலுக்குப் போனாருன்னு போட்டிருக்கீக. வாக்குமூலத்துல வயசு அறுபத்திரெண்டு. கழிச்சுப் பாத்தா அன்னைக்கு இவருக்குப் பதினோரு வயசு. மூக்க ஒழுக விட்டுக்கிட்டு நின்ன பயல எந்தப் போலீஸ்காரன் புடிச்சான்?

— அக்கா, அது வந்துங்க... வாக்குமூலத்துல வோட்டர் லிஸ்ட்டுல இருக்கற வயசத்தான் எழுதோணும். ரெண்டுக்கும் வித்தியாசம் வந்தா எதிராளி கெளப்புவான். லிஸ்ட்டு வயசு பள்ளிக்கூடத்து வயசுங்க. பொஸ்தகத்து வயசு... அண்ணா வாயால சொன்னதுங்க.

— அன்னைக்கு ஜெயிலுக்கு மோர் கொண்டுக்கிட்டுப் போனேன். ஜெயிலுக்குப் போனேன்னு சொன்னா என்ன தப்பு? அது சரித்திரம்.

— படிப்பு? பொஸ்தகத்துல சித்தூர் காலேஜுல படிச்சவரு. வாக்குமூலத்துல எஸ்.எஸ்.எல்.சி.

— படிச்சாருன்னுதானுங்க எழுதுனேன், பாஸானாருன்னு எழுதலைங்க. பொஸ்தகத்துல என்னத்த வேணா எழுதலாம், கேக்க ஆளில்ல. வாக்குமூலத்துல எந்தப் பள்ளிக்கூடம், எந்த வருஷம் முடிச்சாருன்னு கட்டம் இருக்குதுங்க. காலேஜுன்னு போட்டா எவனாவது போய் ரிஜிஸ்டரப் பொரட்டுவான். மேடையில ஆளு பெருசா தெரியோணும், பேப்பருல ஆளு சிறுசா இருக்கோணும். எல்லாத் தலைவருக்கும் இதேதானுங்க்கா. நான் எழுதாத கட்சி இல்லீங்க.

— சொத்துல மட்டும் ரெண்டும் ஒத்துப் போகுதே? 'சென்ட்டு நெலங்கூட இல்லாத ஏழைப் பங்காளன், இன்னைக்கும் கம்பெனி லயத்துல ஒத்த ரூமு'ன்னு பொஸ்தகத்துலயும் இருக்கு. அசையாச் சொத்து, தனக்கு இல்லை, மனைவிக்கு இல்லைன்னு வாக்குமூலத்துலயும் இருக்கு.

— அதுல என்னடி பொய்? லயத்துலதான இருக்கேன்?

— லயம் யாரு பேருல? கொழுந்து எடுக்குற எம்பேருல. அடுத்த மாசக் கடைசியில நான் ரிட்டேர்டு. சாவியக் கம்பெனிகிட்ட குடுத்துட்டு எறங்கணும். எங்க போய் எறங்கன்னு ரெண்டு வருஷமா கேக்குறேன். 'சாரமில்ல, பாத்துக்கலாம்'. அம்புட்டுதான் உங்க பதிலு.

— அக்கா, உங்களுக்கு இன்னும் அம்பத்தஞ்சுதானுங்களே? உங்க பேப்பருல வயசு அம்பத்தெட்டுன்னு இருக்கவும் நானே முழிச்சேன்.

— அம்பத்தஞ்சுதான். கல்யாணமான புதுசுல யூனியன்ல இவருதான் கன்வீனரு. பதினெட்டு ஆனாத்தான் பேரு பதிவாகும்னு மூணு வயசக் கூட்டிப் போட்டாரு. கம்பெனிப் பொஸ்தகத்துல போனது ரேஷன் கார்டுக்குப் போச்சு, வோட்டர் லிஸ்ட்டுக்குப் போச்சு. எஞ்சோட்டுக்காரிக இன்னும் மூணு வருஷம் வேல பாப்பாளுக. அவுகளுக்கு அதுவரைக்கும் கூரை இருக்கும்.

— அன்னைக்குச் சோத்துக்கு வழி பண்ணிக் குடுத்தேன். அதையும் குத்தம் சொல்லு.

— குத்தம் சொல்லல. சரி, எங்கயும் நெலமில்லாதவளாச்சேன்னு சர்க்காரு வீட்டுக்கு எழுதிப் போட்டேன். உங்ககிட்ட சொல்லல. தள்ளிட்டாக. ஏன்னு கேட்டா, ஆபீஸுல அந்தப் புள்ள கம்ப்யூட்டரத் திருப்பிக் காட்டுது. 'சேச்சி, சித்தூர் தாலுக்கா கொழிஞ்சாம்பாறையில உங்க பேருல நெலக் கணக்கு, தண்டப்பேரு இருக்கே, நெலவரி கரம்கூட கட்டியிருக்கே, தென்னந்தோப்பும் வீடும் இருக்கிறவுகளுக்கு எப்படி வீடு தர்றது?'ன்னு சிரிக்குது. வரிசையில நின்னவுக எல்லாம் என்னையத் திருடியப் பாக்குற மாதிரி பாத்தாக. நான் சொந்த வீட்டுக்காரின்னு எனக்கே அன்னைக்குத்தாங்க தெரியும்.

— வக்கீலு, அந்தப் போன இப்படிக் குடு.

— போன அப்பறம் பாக்கலாம். கொழிஞ்சாம்பாறையில கல்யாணத்துக்குன்னு கூட்டிக்கிட்டுப் போயி, சங்கத்துல பங்கு சேக்கணும்னு கையெழுத்தும் கைரேகையும் வாங்குனீகளே. போட்டோ எடுத்தாக. சங்கத்துக்கு எதுக்குப் போட்டோன்னு கேட்டேன். 'வாய மூடு'ன்னீக.

— ஏ, ஒம்பேருலதானடி வாங்குனேன்! வேற எவ பேருலயாச்சும் வாங்குனேனா? ஊருல ஒவ்வொருத்தனும் என்னென்ன பண்றான். நான் பொண்டாட்டி பேருல வாங்குனேன். அதுக்கு நீ எனக்குக் கோயிலு கட்டணும்.

— பேரு என்னுது. சாவி யாருது? போயிப் பாத்தேங்க. கள்ளு கான்ட்ராக்டரு குடும்பம் குடியிருக்கு. அந்தம்மா 'யாரு நீங்க'ன்னு கேட்டுச்சு. எனக்குச் சொல்லத் தெரியல. தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு, பஸ் ஏறி வந்துட்டேன்.

— செபமால... எலக்சன் முடியட்டும். நானே கொண்டாந்து சாவியத் தர்றேன். இப்ப அது வெளிய வந்தா ஏழப்பங்காளன்னு ஒரு பய ஓட்டுப் போடுவானா? முப்பது வருஷ மேடப் பேச்சுடி!

— அதையேதான் கேட்டேன். ஏங்க, டம்மியா நிக்கிறேன், அந்த வீட்ட உங்க பேப்பருலயும் எழுதுங்க, நாலு பேரறிய எனக்குன்னு ஆயிரும்னு போன வாரம் கேட்டேனா இல்லையா?

— எந்த வீடுன்னு கேட்டேன்.

— ஆமா. 'எந்த வீடு?'ன்னு கேட்டீக. சோத்தப் பெசஞ்சுக்கிட்டே, மூஞ்சியில ஒரு மாத்தமும் இல்லாமக் கேட்டீக. அன்னைக்கு ராத்திரியே பேப்பர எடுத்து நானே எழுத உக்காந்தேன்.

— வக்கீலு, பேசிக்கிட்டு இருக்க நேரமில்ல. எனக்குப் புதுசா ஒரு வாக்குமூலம் எழுது. வீட்டச் சேத்துரு.

— முடியாதுங்க அண்ணா. திருத்துன பேப்பரு குடுக்கறதுன்னா கடைசி நாளு மூணு மணிக்குள்ள குடுத்திருக்கோணும். மூணு மணி இன்னைக்குத் தாண்டிப்போச்சுங்க.

— அப்ப இவ பேப்பர எடுக்கச் சொல்லு.

— பத்திரிகைய வாபஸ் வாங்குனாலும் வாக்குமூலம் சைட்டுலயேதான் கெடக்குமுங்க. ஆனா கேளுங்க, அது நாறாம இருக்க வழி இருக்குது. நாளைக்கு உங்க பத்திரிகைய ஏத்துக்கிட்ட அந்த நிமிஷமே டம்மியோடது தானா தள்ளிப்போகும். அக்கா வேட்பாளரே இல்லீங்க. போட்டியில இல்லாத பொம்பளையோட வாக்குமூலத்த எந்தப் பேப்பர்க்காரன் தேடிப் படிக்கறான்? ஜெயிச்சதுக்கப்பறம் எதிராளி நாப்பத்தஞ்சு நாளைக்குள்ள ஹைகோர்ட்டுக்குப் போகோணும். போனாலும், கேசு முடியறதுக்குள்ள அஞ்சு வருஷம் ஓடிப்போகுமுங்க.

— தானா தள்ளிப்போகுமா? நெசமா?

— நெசமுங்க. கட்சி குடுத்த பாரத்துலயே அவங்க மாத்து வேட்பாளருன்னுதான் இருக்குது. முன்மொழிஞ்சு ஒருத்தரு கையெழுத்துத்தான். அங்கீகாரமுள்ள கட்சிக்கு ஒருத்தரு போதும். அசலு ஏறுனா மாத்து விழுந்துரும். கட்சி இல்லாமத் தனியா நிக்கறவங்களுக்குத்தான் பத்துப் பேரு முன்மொழியோணும். அது இருந்தா மட்டுந்தான் அக்கா சுயேச்சையா நெலைச்சு நிப்பாங்க.

— அப்பாடா! கேட்டியாடி? நாளைக்குப் பதினோரு மணிக்கு நீ செல்லாக்காசு. முப்பது வருஷம் அரசியல் பண்ணவன்கிட்ட... போ, போயி வக்கீலுக்கு ஒரு கட்டன்சாயா போடு.

— தம்பி, ஒரு வேட்பாளரு நாலு செட்டு வரைக்கும் பத்திரிகை குடுக்கலாமாமே?

— குடுக்கலாமுங்க்கா. அதுக்கென்ன இப்போ?

— உங்க செட்ட நீங்க குடுத்துட்டு, மால போட்டு இவரக் கூட்டிக்கிட்டுப் போனீகளே, அப்ப மணி ரெண்டு. நான் ஆபீஸுலயேதான் இருந்தேன். கொழுந்து நிறுக்குற மடுவத்துலருந்து எங்கூட வேல பாக்குற சுருளியம்மாளும் கற்பகமும் மத்தவளுகளும் இடுப்புப் படுதாவக்கூட அவுக்காம ஜீப்புல வந்து எறங்குனாளுக. நான் கைப்பட எழுதுன பேப்பரோட ரெண்டாவது செட்டு குடுத்தேன், அதுல முன்மொழிஞ்சு பத்துக் கையெழுத்து இருக்குங்க. அதுல மொதக் கையெழுத்து உங்க கூடப் பொறந்தவ போட்டது.