தோற்றவனுக்கும் ஓர் அத்தியாயம்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, அமர்ந்திருக்கும் பெரியோர்களே, கண்ணீரோடு முன்வரிசையில் இருக்கும் மறைந்த அன்னபூரணம் ரீச்சரின் சகோதரிமாரே, கரம்பொன் வாசிகசாலையை நிறைத்து வாசல்வரை நிற்கும் ஊரவர்களே, அனலைதீவிலிருந்து லோஞ்சுப் படகு ஏறி வந்திருக்கும் வாசகர்களே, வணக்கம்.

என் பெயர் மாக்கிறேற். ரீச்சரோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள். அவர் எழுதியவற்றை அச்சுக்குப் போகுமுன் வாசித்தவள். வாசித்ததோடு நில்லாமல் சண்டையும் பிடித்தவள். இந்த மூன்றாவது தகுதியை வைத்துத்தான் இன்றைக்குப் பேச நிற்கிறேன்.

நம்முடைய கதாசிரியை, தீவகத்தின் பெருமை, அன்னபூரணம் ரீச்சர் எதை எழுதினார்? ஒரு பெண், இரண்டு ஆண்கள். அல்லது ஓர் ஆண், இரண்டு பெண்கள். வாழ்நாள் முழுக்க இதையே எழுதினார். "உமக்கு வேறை கதை கிடையாதோ?" என்று கேட்காத ஆளில்லை. கேட்டவர்கள் எல்லோரும் அடுத்த கிழமைப் பத்திரிகைக்கு முதல் ஆளாக வந்து நின்றார்கள்!

ஏன் நின்றோம்? 'கரைக்குக் கரை' தொடர்கதை வந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். அனலைதீவுப் பெண் மனோன்மணி. அவளுடைய தகப்பன் கால் விறைத்துப் படுக்கையில் கிடந்த காலமெல்லாம் புகையிலைத் தோட்டத்தையும் குடும்பத்தையும் தாங்கியவன் மச்சான் சிவகுரு. அவளுக்குள் ஓர் ஆசிரியை இருக்கிறாள் என்று கண்டுபிடித்து, பயிற்சிக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கச் சொன்னவன் நடேசன். இரண்டு பேரும் நல்லவர்கள். வாழ்க்கையோ ஒன்று. சிவகுரு மனதில் இருப்பது நடேசனுக்குத் தெரியாது, நடேசன் சொல்லாமல் விட்டது மனோன்மணிக்குத் தெரியாது. எல்லாம் தெரிந்தவர்கள் நாங்கள் மட்டும்தான். தெரிந்தும் ஒன்றும் செய்ய ஏலாமல் ஒரு கிழமை காத்திருந்தோம். அந்தத் தவிப்புத்தான் எங்களைப் பிடித்து வைத்தது.

இன்னொன்றும் இருந்தது. சிவகுருவா நடேசனா என்று நாங்கள் தெரிவு செய்தபோது, எங்களுக்கு எது வேண்டும் என்பதையே சொல்லிக்கொண்டிருந்தோம். ஆறுதல் வேண்டியவர்கள் சிவகுரு பக்கம். ஊரைவிட்டு ஒருதரமாவது வெளிக்கிட ஆசைப்பட்டவர்கள் நடேசன் பக்கம். லோஞ்சில் இரண்டு கட்சியும் எதிரெதிர்ப் பலகையில் இருந்தன. நான் சிவகுரு கட்சி. என் தங்கை நடேசன் கட்சி. எங்கள் குசினியில் சில நாள் கதைபேச்சே இல்லை.

அந்த நேரத்தில்தான் பத்திரிகை ஆசிரியரிடமிருந்து ஆள் வந்தது. கதையைச் சீக்கிரம் முடிக்க வேண்டுமாம். சிவகுருவைக் கெட்டவனாக்கினால் பிரச்சினை தீர்ந்ததாம், இல்லையென்றால் சுற்றிவரக் கடல் கிடக்கிறது, ஒருவனை அதில் மூழ்கடித்துவிடலாமாம். ரீச்சர் அசதியில் அரைமனதோடு இணங்கிவிட்டார். ஓர் அத்தியாயத்தின் கடைசி வரியில், சிவகுரு வாசல் படலையடிக்கு வரும்போது அவன் கையில் சாராயம் மணத்தது என்று எழுதினார். அது அச்சாகியும் வந்தது. அடுத்த அத்தியாயத்தில் அவன் குடித்துவிட்டு மனோன்மணியை அடிக்க வேண்டும். அதையும் எழுதித் தபாலில் போட்டுவிட்டார்.

அப்போதுதான் சவிரிமுத்து பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அதோ, அந்தத் தூணோடு நிற்கிறவர்தான். கடற்தொழில் செய்கிறவர். அவருக்குப் பேசியிருந்த பெண் வேறொருவரை விரும்பிக் கட்டிக்கொண்டதை இந்த ஊர் அறியும். பிறகு அவருக்குப் பிலோமினம்மாவைச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். இதை இன்றைக்குச் சொல்ல அவரே எனக்கு அனுமதி தந்திருக்கிறார். அன்று அவர் ரீச்சருக்கு முன்னால் நின்று மெதுவாகத்தான் கேட்டார்:

"ரீச்சர், என்னை ஒருத்தி வேண்டாமெண்டவள். நான் குடிக்கவுமில்லை, ஆரையும் அடிக்கவுமில்லை. இப்ப உங்கட கதையை வாசிச்சுப்போட்டுப் பொம்பிளை வீட்டுக்காரர் யோசிக்கினம், அவள் விட்டதெண்டால் இவனிலையும் ஏதோ பிழை இருக்குமெண்டு. தோத்தவன் கெட்டவனாத்தான் இருக்கவேணுமோ?"

ரீச்சர் குடையை எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருக்கும் பத்திரிகை அச்சகத்துக்கு பஸ் ஏறினார், நானும் ஓடிப்போய் ஏறினேன். அச்சுக் கோத்திருந்த அத்தியாயத்தைக் கலைக்கச் சொன்னார். கலைத்தால் தொடரையே நிறுத்துவேன் என்றார் பத்திரிகை ஆசிரியர். "நிப்பாட்டுங்கோ. ஆனால் அவன் அடிக்கமாட்டான்" என்றார் ரீச்சர். அந்தக் காலத்தில் அவருடைய பெயரை நிலைநிறுத்திய ஒரே தொடர் அது. அதைப் பணயம் வைத்தார்! கடைசியில் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு, அங்கேயே புது அத்தியாயம் எழுதிக் கொடுத்தார்.

சாராய மணத்தை அழிக்க முடியாது, அச்சாகிவிட்டது. அதை அவர் என்ன செய்தார்? மனோன்மணியின் தகப்பனுடைய விறைத்த காலுக்குச் சாராயத்தில் ஊறிய மருந்தைத் தேய்த்துவிட்டு வந்த கை அது என்று ஆக்கினார். கெட்டவனாக்கப் போட்ட வரி அவனை இன்னும் நல்லவனாக்கியது. அதனால் மனோன்மணியின் தெரிவு இலகுவாகவில்லை, பாரமானது. பாரமானதால்தான் அது தெரிவு. ஒருவன் குடிகாரனானால் அவள் தெரிவு செய்யத் தேவையில்லையே, தப்பி ஓடினால் போதுமே!

மனோன்மணி நடேசனைத்தான் தெரிவு செய்தாள். காற்றும் கடலும் காய்ச்சலும் அவளுக்காகத் தீர்மானிக்கவில்லை. அவளே சிவகுருவின் தோட்டத்துக்கு நடந்துபோய், அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "நன்றிக்காக உங்களைக் கட்டினால், நான் ஒரு நாளும் உங்களோடை சண்டை பிடிக்கமாட்டன். அது ஒரு சீவியமோ?" என் கட்சி தோற்றது. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னதில் பிழை பிடிக்க முடியவில்லை.

சிவகுருவைத் தியாகியாக்கினாரா? அதுவுமில்லை. அவன் வாழ்த்தவில்லை, கலியாணத்துக்குப் போகவில்லை, கோபத்தோடு புகையிலைக் கன்றுக்குத் தண்ணீர் இறைத்தான். கோபப்படுகிறவன் கெட்டவனல்ல என்றார் ரீச்சர். மனோன்மணியின் தங்கையை அவனுக்குக் கட்டிவைத்துச் சமாதானம் பண்ணுங்களேன் என்று நான் கெஞ்சினேன். "தங்கச்சி என்ன, கடையில குடுக்கிற மிச்சக் காசோ?" என்று கேட்டார். கடைசி அத்தியாயத்தை அவர் சிவகுருவுக்கே கொடுத்தார், கலியாண வீட்டுக்கு அல்ல.

அந்த அத்தியாயம் வந்த கிழமை, பிலோமினம்மாவின் தகப்பனே சவிரிமுத்துவின் வீட்டுக்கு வந்து சம்மதம் சொன்னார். இன்றைக்கு இந்த மண்டபத்தில் நீங்கள் இருக்கும் கதிரைகளைச் சுமந்து போட்டவர்கள் அந்தத் தம்பதியும் பிள்ளைகளும்தான்.

அன்பானவர்களே! ரீச்சர் தன் புதிய தொடரை முடிக்காமலே போய்விட்டார். இரண்டு பெண்கள், ஒருவன். கடைசி அத்தியாயம் இல்லை. ஆஸ்பத்திரியில் நான் கேட்டேன், அவன் ஆரை எடுப்பான் என்று. ரீச்சர் சிரித்தார்.

"எடுக்கிறது பெரிசில்லை, மாக்கிறேற். எடுபடாதவள் அடுத்தநாள் விடிய எழும்பி என்ன செய்வாள்? அதை நீர் எழுதும்."

உங்கள் எல்லோருக்கும் முன்னால் சொல்கிறேன், அந்த அத்தியாயத்தை நான் எழுதுவேன். ஒருவரையும் கெட்டவராக்க மாட்டேன். ஒருவரையும் கடலில் மூழ்கடிக்க மாட்டேன். இந்த வாசிகசாலையில் எழுதப் பழக வரும் பிள்ளைகளிடமும் முதலில் இதைத்தான் கேட்பேன்: உங்கள் கதையில் தோற்றவருக்கு எங்கே அத்தியாயம்?

எப்படித் தொடங்குவதென்று தெரியாமல், இன்று காலை கதிரை அடுக்கிக்கொண்டிருந்த சவிரிமுத்துவிடம் கேட்டேன், உங்களை வேண்டாமென்றவள் போன அடுத்த நாள் என்ன செய்தீர்கள் என்று. அவர் கையிலிருந்த கதிரையை இறக்கி வைத்தார்.

"கடலுக்குப் போனனான், ரீச்சர். அண்டைக்கெண்டு பாத்து நல்ல மீன் பட்டுது. எனக்கு அதுதான் சரியான கோவம். பிறகு பசிச்சுது."

அன்னபூரணம் ரீச்சர், அங்கேயிருந்து தொடங்குகிறேன்.