மறுநடிப்பு: கீழே சிறிய எழுத்தில்

மைக்கை இன்னும் ஒரு விரல் கீழே மாட்டுங்கள். அந்த இடத்தில் சட்டை உரசும், பிறகு ஒலி சேர்க்கும்போது தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். ஆமாம், அங்கேதான். பதினெட்டு வருடம் மற்றவர்களுக்கு மாட்டிவிட்ட கை, சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. இறுதித் தொகுப்பு முடியும்வரை என் பேட்டியைத் திரும்பப் பெறலாம் என்பதும் தெரியும், பெற மாட்டேன். நான் சொல்வதை வெட்டி ஒட்டி வேறொன்றாக ஆக்காமல் இருந்தால் போதும்.

நீங்கள் சுட்டியின் விவகாரத்தை உங்கள் தொடரில் எடுக்கிறீர்கள். நான் இயக்கிய குற்ற ஆவணத் தொடரில் பாதிக்கப்பட்ட குடும்பத்தாருடன் பேசும் பொறுப்பு அவளுடையது. என் வயதில் பாதி. வாய் ஓயாது, எல்லாரிடமும் உறவு கொண்டாடுவாள், அதனால் படக்குழுவே அவளைச் சுட்டி என்றது. பெயர் வைத்ததே நான்தான். அதை யாரும் நினைவு வைத்துக்கொள்ளவில்லை.

நாங்கள் எடுத்துக்கொண்ட வழக்கு உங்களுக்குத் தெரியும். வேலை முடிந்து வீடு திரும்பிய பெண் தன் குடியிருப்பின் படிக்கட்டில் கொல்லப்பட்டாள். மேல்மாடிக்காரருக்குத் தண்டனை கிடைத்தது. பெண்ணின் அம்மா தையல்காரி, இதய நோயாளி. எந்தப் பத்திரிகைக்காரரையும் வாசல் தாண்ட விடாதவர். அவரைப் பேச வைக்க நான் மூன்று முறை போனேன். மூன்று முறையும் "வாங்க சார், உக்காருங்க சார்" என்றார். நாற்காலி கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை.

சுட்டி போன முதல் நாளே தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பொத்தான் தைத்தாளாம். கேமராவைப் பற்றி வாயே திறக்கவில்லை. அடுத்த வாரம் அந்த அம்மாவே கூப்பிட்டு, "கண்ணு, நான் பேசறேன்" என்றார். எனக்கு சார், அவளுக்குக் கண்ணு. வயிறு எரிந்தது என்று சொன்னால் அது குறைத்துச் சொல்வது.

அந்த அம்மா வைத்த நிபந்தனைகளை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். "எம் பொண்ணு நடந்து வந்த வழியக் காட்டிக்கோ கண்ணு. முதுகு மட்டும் தெரியட்டும், மொகம் வேணாம். விழுந்த எடத்தக் காட்டாத. அத நான் பாக்கல, வேற யாரும் பாக்க வேணாம்." சுட்டி எல்லாவற்றையும் அவர் முன்னாலேயே எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினாள். ஒளிபரப்புக்கு முன் முழுப் படத்தையும் அவருக்குக் காட்ட வேண்டும், மனநல ஆலோசகர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றும் சேர்த்தாள்.

நியாயமான நிபந்தனைகள்தான். நடந்ததை நடிகர்களை வைத்துக் காட்டும்போது மறுநடிப்பு என்று திரையில் சிறிய எழுத்தில் போட்டாலும் பார்ப்பவர் மனதில் தங்குவது நடிகையின் முகம்தான். பிறகு புகைப்படத்தைப் பார்த்தால்கூட உண்மையான பெண் நினைவுக்கு வரமாட்டாள். அந்தப் படிக்கட்டில் கடைசியாக என்ன நடந்தது என்று நீதிமன்ற ஆவணத்திலும் இல்லை. அது தெரிந்தவர் அந்த மேல்மாடிக்காரர் ஒருவர்தான், அவர் வாய் திறக்கவில்லை. தெரியாததைக் காட்டினால் அது கற்பனை. இதையெல்லாம் சுட்டிக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

முதல் தொகுப்பைப் பார்த்த, தொடரை ஒளிபரப்பும் சானலின் தலைவி என் கையைக் குலுக்கிவிட்டு, "அந்தச் சுட்டிப் பொண்ணு இல்லன்னா இந்தத் தொடரே இல்ல சார்" என்றார். சிரித்தேன். சிரிக்க எனக்கு வரும்.

பிறகு சுட்டி வெளியூர் போனாள். தண்டனை பெற்றவருக்கும் தன் தரப்பைச் சொல்லும் உரிமை உண்டு. அவரைப் பற்றி நாங்கள் சொல்லப்போகும் ஒவ்வொன்றையும் எழுதிக் கொடுத்துப் பதில் வாங்க வேண்டும். அவருடைய பிள்ளைகளின் முகத்தை மறைப்பதாகவும் அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். சிறையில் அவரைப் பார்க்க அனுமதி கிடைத்த வாரம் அது.

அந்த வாரம் நான் படிக்கட்டுக் காட்சியை எடுத்தேன். முகத்தோடு, அலறலோடு. அந்தப் பெண்ணின் மஞ்சள் துப்பட்டாவை, அதே நிறத்தில் நடிகைக்கு ஒன்று வாங்குவதற்காக, அந்த அம்மா சுட்டியிடம் கொடுத்திருந்தார். அதையே நடிகையின் தோளில் போட்டேன். "சார், அவங்கம்மாக்கு இது தெரியுமா?" என்று அவள் கேட்டாள். "அவங்க சம்மதிச்சாச்சும்மா" என்றேன். கேமராமேன் என் முகத்தைப் பார்க்காமல் விளக்கைத் திருத்தினார். நல்ல காட்சி. வேலை என்று பார்த்தால் நான் எடுத்ததிலேயே சிறந்தது.

தொடரில் சேர்க்கும் எண்ணம் எனக்கு இல்லை. சட்ட ஆலோசகர் முதல் பார்வையிலேயே தூக்கி எறிந்திருப்பார். எனக்கு வேண்டியது வேறு. படத்தொகுப்பு அறையின் பொதுக் கணினியில் சுட்டி செய்தி அனுப்பும் கணக்கு எப்போதும் திறந்தே கிடக்கும். பூட்டும்மா என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அதிலிருந்து அந்த அம்மாவுக்குக் காட்சியை அனுப்பினேன். கூடவே ஒரு வரி எழுதினேன்: "அம்மா, இத நீங்க தனியா இருக்கறப்ப பாருங்க. உங்க கண்ணு."

ஏன் தனியாக என்று கேட்கிறீர்கள். மனநல ஆலோசகரின் அறிக்கையை நான் படித்திருந்தேன். இதயம் பலவீனமானது, துணையில்லாமல் எதையும் காட்டக்கூடாது என்று தெளிவாக எழுதியிருந்தார். ஆனால் பக்கத்தில் யாராவது இருந்தால் அவர்கள் சமாதானம் சொல்வார்கள். இத அவ அனுப்பியிருக்க மாட்டா, கேட்டுப் பார்ப்போம் என்பார்கள். அதற்கு இடம் கொடுக்க நான் விரும்பவில்லை. அந்த அம்மா உடைந்துபோய், கோபத்தில், இயக்குநரான என்னைக் கூப்பிட வேண்டும். நான் போய் ஆறுதல் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. பேராசை என்று சொல்ல முடியாது.

போனைக் கையிலேயே வைத்திருந்தேன். அது அடிக்கவில்லை. அவர் திரும்பத் திரும்பக் கூப்பிட்டது சுட்டியை. திட்டுவதற்கு அல்ல என்றுதான் நினைக்கிறேன், திட்டுகிறவர்கள் அத்தனை முறை கூப்பிட மாட்டார்கள். சுட்டியின் போன் சிறை வாசலில் வாங்கி வைக்கப்பட்டிருந்தது. வெளியே வந்து திருப்பிக் கூப்பிட்டபோது எடுத்தது அந்த அம்மாவின் தம்பி. "அக்கா போயிட்டாம்மா. என்ன அனுப்பின நீ?" என்று கேட்டாராம்.

சானலில் விசாரணை வந்தது. கணக்கு சுட்டியுடையது, துப்பட்டா அவள் பொறுப்பில் இருந்தது. காட்சியை எடுத்தது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன், குடும்பம் சம்மதித்ததாக அவள் சொன்னதால் எடுத்தேன் என்றேன். "நான் அனுப்பல சார், உங்களுக்குத் தெரியும்ல?" என்று எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டாள். நான் அவள் தோளில் தட்டிக்கொடுத்தேன். அவளுக்கு வேலை போயிற்று. இப்போது யாரும் அவளைச் சேர்ப்பதில்லை.

இத்தனை நாள் வாயைத் திறக்காதவன் இன்று ஏன் திறக்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றும். மனசாட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையைப் பதிவு செய்வதுதான் என் தொழில். காலையில் வந்தபோது உங்கள் படப்பிடிப்பு அட்டவணை மேசையில் கிடந்தது, கண்ணில் பட்டது. சுட்டிக்கு முழு அத்தியாயம். அவளாக நடிக்கும் பெண் பக்கத்து அறையில் ஒப்பனையோடு உட்கார்ந்து, அவள் அழுததை ஒத்திகை பார்க்கிறாள். தரையில் உட்கார்ந்து பொத்தான் தைக்கும் காட்சிகூட இருக்கிறது. எனக்கு அரை மணி நேரப் பேட்டி. பெயருக்குக் கீழே "உடன் பணியாற்றியவர்" என்று போட்டிருக்கிறீர்கள்.

அந்த அம்மாவைக் கொன்றது நான். வரியை எழுதியதும், காட்சியை எடுத்ததும், அறிக்கையைப் படித்த பிறகு அனுப்பியதும் நான். போலீசிடமும் இதையேதான் சொல்வேன். உங்கள் வக்கீலைக் கூப்பிடுவதற்கு முன் என் நிபந்தனைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநடிப்பில் என் முகத்தைக் காட்டலாம். என்னைவிடக் கொஞ்சம் இளையவராக ஒரு நல்ல நடிகரைப் போடுங்கள்.

இனி இந்த அத்தியாயம் அவளைப் பற்றியதாக இருக்காது, இல்லையா?