வைத்தியர் சொல்லாத பொய்

பிற்பகல் மூன்று பத்துக்கு, உரும்பிராய்ச் சந்தி தாண்டியதும் பஸ் பழுதாகி நின்றது. மகளை முதன்முறையாகத் தனியே கொழும்புக்கு ஏற்றிவிட்டு வந்த பதற்றம் எனக்கு இன்னும் போகவில்லை. முன் இருக்கைப் பெண், "வைத்தியரைச் சாகக் கிடத்தினாத்தான் சரிவரும்" என்றாள். நான் பையை இறுக்கிப் பிடித்தேன்.

கதைதானாம். பக்கத்திலிருந்தவரோடு சேர்ந்து எழுதுகிறாள். ஒரு வைத்தியரும் ஒரு கள்ளனும் மூலிகை தேடிப் போகிறார்கள். நாலு மணிக்குச் சஞ்சிகைக்குக் கொடுக்க வேண்டும்.

"அண்ணை, உங்கடை ஆக்கள் கலியாண வீட்டுக்குப் போற மாதிரிப் போகினம். சண்டை எங்கை?"

"மழை பெய்ய வைச்சனான். கட்டிப்பிடிச்சினம்."

"மழையிலை நனைஞ்சா தடிமன், காய்ச்சல்தான் வரும். கள்ளன் பொய் சொல்லுறதாலை வைத்தியருக்கு அவனிலை வெறுப்பு. அந்தப் பொய்தான் அவரின்ரை உயிரைக் காக்க வேணும். பிறகு காவலர் கள்ளனைப் பிடிக்கேக்கை, வைத்தியர் அவனுக்காகப் பொய் சொல்ல வேணும்."

"வைத்தியர் எங்கடை அப்பாவைப் பாத்து எழுதினது. அவர் பொய் சொல்லார்."

"அப்ப மூலிகையை அவர் தனியப் போய்ப் பிடுங்கட்டும். என்ரை பேரை வெட்டிவிடுங்கோ."

 அவர் தாளை முழங்காலில் வைத்து எழுதத் தொடங்கினார். அவள் சஞ்சிகை ஆசிரியருக்குப் போன் எடுத்து, பஸ் நின்ற இடத்தைச் சொன்னாள்.

நாலரைக்கு ஆசிரியரே மோட்டார் சைக்கிளில் வந்து, வைத்தியர் கள்ளனுக்காகக் காவலரிடம் பொய் சொல்லும் கடைசிப் பக்கத்தை நின்றபடியே வாசித்தார்.

"வைத்தியர் உங்கடை அப்பாவல்லோ?" என்றார். "இண்டைக்குத்தான் எனக்கு அந்த மனிசனைப் பிடிச்சிருக்கு."