கணவாய்க்கு முன்னால் ஒரு கட்டைவிரல்

— போனக் குடுங்கப்பா!

— இரு நித்யா, செவ்வாப்பேட்டை மண்டிக்காரரு லைன்ல இருக்காரு...

— கட் பண்ணுங்க! இளவழகன் வண்டி எங்க போகுதுன்னு பாக்கோணும். மேப்பு உங்க போன்லதான இருக்குது!

— நாலு நாளா மொகங்குடுத்துப் பேசல. இன்னிக்கி ஆபீஸுக்குள்ள வந்ததும் போனப் புடுங்கறா பாரு... இந்தா. அவன் எங்கயாச்சும் ஓரம்போட்டுத் தூங்கிட்டிருப்பான். நாந்தான் தூங்கச் சொல்லிட்டனே.

— தூங்கலீங்கப்பா. ஓடிட்டிருக்கான். பாருங்க... தர்மபுரி தாண்டியாச்சு!

— அடக் கெரகமே! ரெண்டு நாளாத் தூக்கமில்லைன்னு அவனேதான கேட்டான்?

— ரெண்டு... ரெண்டு நாளாவா?

— ஆமா. நாசிக்குல வெங்காயம் ஏத்தவே ஒரு ராத்திரி முழுக்கக் காத்துக் கெடந்திருக்கான். ஏன், உனக்கு வேற யாரு என்ன சொன்னாங்க?

— அது... சித்ரா கூப்புட்டுச்சு. அவன் சம்சாரம். தர்மபுரிகிட்ட ரெண்டு தடவ கண்ணு மூடிருச்சாம். ஆனாலும் நிறுத்த மாட்டேங்கறானாம். நீங்க கோவமா இருக்கறீங்களாம்.

— நானா? நான் எதுக்குக் கோவிக்கறேன்? கூப்புடு அவன.

— மூணு தடவ கூப்புட்டுட்டேன். ரிங் போகுது, எடுக்கல.

— எடுக்க மாட்டான். ஸ்டியரிங்கப் புடிச்சுக்கிட்டு போன எடுத்தா அன்னிக்கோட வேலை இல்லைன்னு நாந்தான் சொல்லி வெச்சேன்... இன்னும் எத்தன தூரம், தொப்பூர் கணவாய் எறக்கத்துக்கு?

— டோல்கேட்டுக்குப் பதினெட்டு கிலோமீட்டர். அதத் தாண்டுனா எறக்கம்.

— இருவத்தஞ்சு டன்னு சாமி. அந்த எறக்கத்துல ஒரு நொடி கண்ணசந்தாப் போதும்... முன்னால போறவனையும் சேத்து வாரிக்கிட்டுப் போயிரும்.

— தெரியுமுங்கப்பா. நீங்க அனுப்புனதக் காட்டுங்க.

— பாத்துக்க. மறைக்கறதுக்கு என்ன இருக்குது.

— “அண்ணா ரெண்டு நாளா தூங்கலீங்க, கண்ணு சொருகுது”... “கிருஷ்ணகிரி தாண்டி ஓரம்போட்டு மூணு மணி நேரம் படுத்துட்டு வரட்டுங்களா”... “மண்டிக்கு லேட்டாயிரும் மன்னிச்சுருங்க ணா”... இத்தனைக்கும் நீங்க போட்டது ஒரு கட்டைவெரல். அதுக்குக் கீழ “சரி”. அதுக்குப் பக்கத்துல ஒரு புள்ளி.

— சரின்னாச் சரிதான? இதுல எங்க கோவம் வருது?

— அந்தப் புள்ளிலதான்.

— ஏம்புள்ள வெளையாடறியா! அங்க லாரி ஓடிட்டிருக்குது...

— வெளையாடலப்பா. இதப் புரிஞ்சாத்தான் அவன நிறுத்த முடியும். நீங்க எதுக்குப் புள்ளி வெச்சீங்க?

— எழுதுனா முடிக்க வேண்டாமா? அஞ்சாப்புல ஒரு புள்ளி உட்டதுக்கு வாத்தியாரு மொழங்கைய மடக்கச் சொல்லி அடிச்சாரு. இன்னைக்கும் கை தானா வெக்குது.

— நோட்டுல எழுதுனா புள்ளி வேணும். இதுல அனுப்புன உடனே அதுவே முடிஞ்சு போச்சு. கட்டங்கட்டமாத்தான விழுகுது? எங்க வயசுல யாரும் கடைசில ஒண்ணும் வெக்கறதில்ல. வெக்க வேண்டிய அவசியமே இல்லாத எடத்துல ஒருத்தரு வெச்சா, வேணும்னுதான் வெச்சிருக்காருன்னு தோணும். “சரி, இதோட நிறுத்திக்க, மேல பேசாத”ன்னு கதவச் சாத்துன மாதிரி.

— ஒரு பொட்டுக்கா இத்தன?

— நாலஞ்சு வரி எழுதி நடுவுல நடுவுல புள்ளி வெச்சா ஒருத்தரும் கண்டுக்க மாட்டாங்க. ஒத்த வார்த்தைக்கு வெச்சாத்தான் குத்தும். நேர்ல “சரி”ன்னா உங்க மொகத்தப் பாப்பான், கொரலக் கேப்பான். போன்ல மொகமும் இல்ல, கொரலும் இல்ல. இருக்கற எழுத்துலதான் தேடுவான். நாங்க “சரிங்க ணா”ம்போம், “சரிஈஈ”ன்னு இழுப்போம், ஒரு சிரிப்புப் பொம்மை போடுவோம். அதுதான் எங்களுக்குக் கொரலு.

— எவ்ளோ தூரம் இப்ப?

— பதினாலு.

— அப்ப அந்தக் கட்டைவெரலு? அதுல என்ன குத்தம்? வண்டிய ரிவர்ஸ் எடுக்கறப்ப பின்னால நிக்கறவன் கட்டைவெரலத் தூக்குனாத்தான் நாங்க நம்பி எடுப்போம். முப்பது வருசமா என்ற உசுரே அந்த வெரல்லதான் ஓடுச்சு! அத நல்லதுக்குத்தான் போட்டேன்.

— “பில்டி ரசீது வந்துச்சா”ன்னு குரூப்புல கேட்டா வெரலு போடுங்க, யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க. இவன் மனசக் கொட்டி மூணு மெசேஜ் எழுதியிருக்கான். மன்னிப்பு வேற கேட்டிருக்கான். அதுக்கு ஒரு தட்டு தட்டி வெரலக் காட்டுனா... “படிச்சுட்டேன், போதும்”னு அர்த்தமாயிரும். ஒரு வார்த்தை எழுதக்கூட மனசில்லையோன்னு தோணும்.

— நம்ம பழைய டிரைவர் மாரியப்பனுக்கும் தெனம் அதேதான் அனுப்பறேன். அவன் ஒரு நாளும் மூஞ்சியத் தூக்கல.

— மாரியப்பண்ணனுக்கு அம்பது வயசு, அவரும் உங்களுக்கு வெரலுதான் அனுப்பறாரு. அதுவுமில்லாம உங்க பழக்கம் அவருக்குத் தெரியும். இளவழகன் வேலைக்குச் சேந்து இருவது நாளாச்சு. அவனுக்கு எப்புடித் தெரியும்?

— அவனுக்குத் தெரியாது, சரி. உனக்குத் தெரியுமல்ல?

— தெரியும். தெரிஞ்சாலும் குத்துதேப்பா... பதினோரு கிலோமீட்டர்.

— டோல்கேட்டுக்கு யாரையாச்சும் புடிக்கலாமா?

— ரெண்டு தடவ அடிச்சேன், நெம்பர் பிஸி. ஒரே வழிதான். டோல்ல வண்டி நிக்கறப்ப போன் திரையப் பாப்பான். அப்ப உங்க பேர்ல ஒரு மெசேஜ் மேல நிக்கோணும். நான் அனுப்புனா நம்ப மாட்டான்.

— கொண்டா, நானே அடிக்கறேன்... “வண்டியை நிறுத்து.”

— அனுப்பிராதீங்க! அதப் பாத்தா உங்க கோவம் இன்னும் ஏறிருச்சுன்னு அலறிருவான். இன்னும் வேகமா ஓட்டுவான்.

— சரி... “நிறுத்து. தூங்கு. நாளை பேசிக்கொள்ளலாம்.”

— ஐயோ அப்பா! நாளைக்குப் பேசிக்கலாம்னா சீட்டக் கிழிச்சாச்சுன்னு நெனப்பான். மூணு புள்ளி வேற!

— அப்ப என்னத்தத்தான் எழுதறது? பேசியே அனுப்பட்டுமா, வாய்ஸு?

— அத அமுத்திக் கேக்கோணும். டோல்ல அத்தன நேரம் நிக்க மாட்டான். திரையில ரெண்டு வரிதான் தெரியும், அதுலயே அவன் நம்போணும். அவன் இப்ப எதுத்தாப்புல நிக்கறான்னு வெச்சுக்கங்க. என்ன சொல்லுவீங்க?

— என்ன சொல்லுவேன்... டேய் அழகு, போய்ப் படுறா சாமி. வெங்காயம் என்ன காலு மொளச்சா ஓடிப்போயிரும்னுவேன்.

— அதேதான்! அதே வார்த்தை. இருங்க அடிக்கறேன்... “டேய் அழகு போய்ப் படுறா சாமி வெங்காயம் காலு மொளச்சா ஓடிப்போயிரும்”... அடுத்தது?

— மண்டிக்கு நான் சொல்லிக்கறேன்னு போடு.

— “மண்டிக்கு நான் சொல்லிக்கறேன் டோல் தாண்டி ஓரம்போடு”... அனுப்பியாச்சு.

— கடைசில ஒண்ணும் வெக்கல... முடியாம நிக்குதே.

— நிக்கட்டுமுங்கப்பா.

— டிக்கு?

— ரெண்டு டிக்கு. நீலமாகல... ஏழு கிலோமீட்டர்.

— என்னமோ கேக்கறனேன்னு நெனைக்காத. நாலு நாளா நீ பேசாம இருந்ததும்... இதுக்குத்தானா?

— ஓசூர்ல வேலை கெடச்சிருச்சுன்னு உங்களுக்கு எத்தன வரி எழுதுனேன் தெரியுங்களா? நேர்ல சொல்ல பயந்துக்கிட்டு ஒரு மணி நேரம் அடிச்சு அடிச்சு அழிச்சேன். நீங்க ஒரு கட்டைவெரலு.

— அத நாலு தடவ படிச்சேன் சாமி. என்ன எழுதறதுன்னு கை ஓடல. போய்ட்டு வான்னும் எழுத முடியல, போகாதன்னும் எழுத முடியல. அதான்... ரோடு நல்லாருக்குது, தைரியமா எடுன்னு.

— எனக்கு அப்புடித் தெரியலீங்கப்பா. போய்த் தொலைன்னு தெரிஞ்சுது.

— இங்க பாரு, மேப்புல. கிருஷ்ணகிரி தாண்டி இருவத்தஞ்சு நிமிசம் வண்டி நின்னுருக்குது. படுத்திருக்கான்! அப்பறம் எதுக்கு எந்திரிச்சுக் கெளம்புனான்?

— டோல் வந்துருச்சுப்பா! வேகம் கொறையுது... பத்து... அஞ்சு...

— பாக்கறானா?

— இன்னும் நீலமாகல... நகர்றான்... தாண்டிட்டான்!

— ஐயோ, தாண்டிட்டானா...

— இருங்க... இருங்க... முப்பது... இருவது... நீலம்! நீலமாயிருச்சு! வண்டி நிக்குது!

— நின்னுருச்சா? நெசமா?

— பூஜ்யம். பூஜ்யம்னு காட்டுதுப்பா!

— அட என்ற சாமி... ஏய், எதுக்கு இப்புடி அழுகற? அதான் நின்னுட்டானல்ல. இரு, அவந்தான் கூப்புடறான். ஸ்பீக்கர்ல போடு... டேய் அழகு!

— அண்ணா, உங்களுக்கு எம்மேல கோவமில்லீங்களாணா?

— கோவமா? உன்னக் காணாம இங்க என்ற ஈரக்கொல நடுங்குதுடா! எதுத்தாப்புல எறக்கம் தெரியுதா?

— தெரியுதுங்கணா. டோலுக்கு ஏழெட்டு கிலோமீட்டர் முன்னாலயே ஒரு தடவ அசந்துட்டனுங்க. உங்க மெசேஜ் வந்த சத்தத்துலதான் முழிச்சேன்.

— நல்ல வேளை உன்ற சம்சாரம் இங்க கூப்புட்டுச் சொல்லுச்சு.

— யாருங்க, சித்ராவா? அது தறிக்கூடத்துல இல்லீங்களா. தறி ஓடறப்ப போனத் தொடாது. அதுகிட்ட நான் ஒண்ணுமே சொல்லலீங்களேணா.

— அப்ப நான் கோவமா இருக்கறேன்னு உனக்கு ஆருடா சொன்னது?

— அது வந்துங்கணா... உங்க பதிலப் பாத்ததும் மனசு கேக்கல. படமெடுத்து ஒருத்தருகிட்டக் கேட்டனுங்க. அவுங்க நல்லதுக்குத்தான் சொன்னாங்க... உடுங்கணா. பேரு வேண்டாமுங்க.

— நீ படு. எந்திரிச்சுட்டுக் கூப்புடு, போதும்... நித்யா. எங்க போற? இங்க பாரு. அவன் ஆருகிட்டக் கேட்டான்?

— எங்கிட்டத்தாம்பா. தர்மபுரில சித்த நின்னப்ப ரெண்டு தடவ கண்ணு மூடிருச்சுன்னு எழுதுனதும் எங்கிட்டத்தான், சித்ரா கூப்புடவே இல்ல. அவன் உங்ககிட்ட என்ன கேட்டான்னு எனக்குத் தெரியாது, உங்க வெரலையும் புள்ளியையும் மட்டுந்தான் அனுப்புனான். படுத்துட்டுத்தான் கேட்டான்... “பயங்கரக் கோவத்துல இருக்காரு, நிக்காம வந்துரு”ன்னு எழுப்பி ஓட்ட வெச்சது நாந்தாம்பா.