வலது மூலைக்குப் பட்டப்பெயர்

சதுரங்கப்பட்டினத்துச் சடுகுடு வெற்றி விழாவுக்குத் தலைமை ஏற்று, தலைப்பாகை காற்றில் பறந்தாலும் தளராமல் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற தாசில்தார் ஸ்ரீனிவாசராகவன் அவர்களே! உப்புக் காற்றில் உரமேறிய ஊர்ப் பெரியோர்களே! மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு இந்த மணலிலே வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! தோற்றும் தோழமை தவறாது, அழைத்ததும் மேடைக்கு வந்த கடப்பாக்கம் அணித்தலைவர் கேசவன் அவர்களே! கோப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும் இளைஞர்களே! உங்கள் அனைவருக்கும் என் கனிந்த வணக்கம்.

நான் இந்த ஊரான் அல்லன், கடப்பாக்கத்தானும் அல்லன். திருக்கழுக்குன்றத்திலிருந்து சைக்கிளில் வந்து ஒலிபெருக்கி பிடிப்பவன். யார் வென்றாலும் எனக்கு ஒரே தேநீர்தான். ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்வேன்.

இன்றைக்கு என்னை அழைத்தது எதற்கு? வலது மூலை ஆட்டக்காரர் மாயவனுக்குப் பட்டப்பெயர் சூட்ட. சூட்டலாமா, கூடாதா என்பதில்தான் இரண்டு நாளாக இந்த ஊரில் சண்டை.

சடுகுடுக் களத்தில் பெயர் எப்படிப் பிறக்கிறது? பெற்றவர் வைப்பதா? பஞ்சாங்கம் பார்த்து வைப்பதா? இல்லை! ஆட்டம் வைக்கும் பெயர் அது! அகப்பட்டவன் வாயிலிருந்து அலறலாய் வரும் பெயர் அது! தனக்குத் தானே வைத்துக்கொண்டால் ஊர் சிரிக்கும். பிடிபட்டுத் தோற்றவன் சொன்னால்தான் நிலைக்கும்.

இடது மூலையிலே கங்காதரன். கபடி பாடி வருபவனின் கணுக்காலைப் பற்றி, பற்றிய வேகத்தில் மணலில் உட்கார்ந்துவிடுவார். உட்கார்ந்தால் படகே நகராது என்றான் பிடிபட்ட ஒருவன். அன்று முதல் அவர் நங்கூரம்! நடுவிலே மாரி. வந்தவன் திரும்பி ஓடும் வழியில் குறுக்கே போய் நெஞ்சு கொடுத்து மறிப்பார். கல்பாக்கத்தில் மண் தள்ளும் எந்திரத்தைப் பார்த்திருந்த எதிரணியினர் வைத்தார்கள், புல்டோசர்! பாடப் போகும் கருப்பன் அசையாமல் நிற்பார், நிற்பார், நின்றுகொண்டே இருப்பார். எதிரி ஏமாந்து ஓரடி முன்னே வைத்தால் நீண்ட கால் பாய்ந்து கட்டைவிரலால் தொட்டுவிட்டுத் திரும்பும். அவர் கொக்கு! பச்சையப்பனோ மெதுவாகப் போவார். ஆனால் ஒரே மூச்சில் எதிரிகள் அலுத்துப்போகும் வரை பாடுவார். அவர் ஆமை!

என்ன அங்கே சிரிப்பு? ஆமை என்றால் இழிவா? மூச்சை அடக்கத் தெரிந்த உயிர் தம்பி அது! பச்சையப்பனையே கேட்டுப் பாருங்கள், அந்தப் பெயரைத் தோளில் பச்சை குத்தியிருக்கிறார்.

வலது மூலையிலே மாயவன். அவர் எப்படிப்பட்டவர்? கால் நீளமில்லை. உடம்பு கனமில்லை. மூச்சு சராசரி. பெயர் இல்லை. இதில் அவருக்கு எவ்வளவு வருத்தம் என்று அவர் மனைவி சாந்தாவைக் கேளுங்கள்.

"சந்தைல கேக்கறாளுங்கண்ணா! எல்லார் வூட்டுக்காரனுக்கும் பேரு கீது, ஒன் வூட்டுக்காரனுக்கு இன்னாடின்னு!"

கேட்டீர்களா? சந்தைவரை போய்விட்ட விஷயம் இது.

இனி காணும் பொங்கலன்று நடந்த இறுதி ஆட்டத்துக்கு வருகிறேன். அதற்கு முந்திய ஆட்டத்தை நம் கேசவன் கரையிலிருந்து பார்த்திருக்கிறார். கண்ணால் பார்த்ததைவிடக் காதால் கேட்டது அதிகம். நானே ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டிருந்தேன்: நங்கூரம் பிடித்தார், புல்டோசர் மறித்தார் என்று. பட்டப்பெயர் புகழ்மாலை மட்டுமா? எதிரிக்குக் கொடுக்கும் எச்சரிக்கைப் பலகையும் அதுதான்! கேசவன் தன் ஆட்களிடம் சொன்னது இவ்வளவே: "பேரு கீறவன்கிட்ட போவாதீங்கடா. பேரு இல்லாதவன் பக்கமே போங்க."

போனார்கள்! வந்தவன் எல்லாம் வலது மூலைக்கே வந்தான்! கையை வீசினான், மாயவன் அவுட். காலை நீட்டினான், மாயவன் அவுட். வெளியே போய் உட்காருவார். நம் கருப்பன் ஒருவனைத் தொட்டுப் புள்ளி எடுத்ததும் உயிர் பெற்று உள்ளே வருவார். வந்த சூட்டில் மறுபடி அவுட். இந்தக் கூட்டத்தில் அவரைத் திட்டாதவர் யார்? கை தூக்குங்கள் பார்ப்போம். ஒருவரும் இல்லை. நல்லது.

ஆனால் ஒன்றை நீங்கள் கவனிக்கவில்லை. எல்லாரும் தன்னிடமே வந்ததால், எல்லாருடைய ஆட்டத்தையும் மிக அருகில் பார்த்தவர் அவர் ஒருவர்தான். எவன் உதைக்கும் முன் தோளைச் சாய்க்கிறான், எவன் இடது கையை நீட்டி ஏமாற்றுகிறான் என்று கண்ணால் வாங்கிக்கொண்டே இருந்தார். இடைவேளைக்குப் பிறகு இரண்டு பேரை இடுப்பில் பிடித்தார். தற்செயல் என்றார்கள் கடப்பாக்கத்தார்.

கடைசிப் பாட்டு! இரண்டு பக்கமும் சமப் புள்ளி! கேசவனே பாடி வருகிறார். நம் பக்கம் மீந்தவர் மூவர்: நங்கூரம், புல்டோசர், மாயவன். ஒருவரைத் தொட்டுத் திரும்பினால் கோப்பை கடப்பாக்கத்துக்கு! நங்கூரத்தின் முழங்கால் முந்திய ஆட்டத்திலேயே வீங்கியிருந்தது, குனியக்கூட முடியாது. அந்தப் பக்கம் போயிருந்தால் குழந்தைகூடத் தொட்டிருக்கும். கேசவன் போனாரா? போகவில்லை! ஆள் ஆடவில்லை, நங்கூரம் என்ற பெயர் ஆடியது!

வலது மூலைக்கே வந்தார். இடது கையை வீசினார். மாயவன் ஏமாறவில்லை. திரும்பும்போது கேசவனின் வலது குதிகால் ஒரு நொடி தாமதமாகத்தான் மணலை விட்டு எழும். அந்த ஒரு நொடிக்காகக் காத்திருந்து கணுக்காலைப் பற்றினார். கேசவன் விழுந்து, இழுத்துக்கொண்டே ஊர்ந்தார். நடுக்கோட்டை விரல் நுனி தொட்டாலும் பிடித்தவர் அவுட். மாரி குறுக்கே விழுந்து மறித்தார். கபடி, கபடி, கப... பாட்டு நின்றது! கோட்டுக்கும் விரலுக்கும் நடுவே ஒரு சாண் மணல்! நடுவர் ஊதினார்! சதுரங்கப்பட்டினம் வென்றது!

கை தட்டுங்கள், தட்டுங்கள். நான் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

இப்போது வழக்குக்கு வருகிறேன். பிடிபட்டவர் கேசவன், எனவே பெயர் வைக்க உரிமை உள்ளவர் அவர். சற்றுமுன் என் காதில் சொன்னார்: "கிடுக்கின்னு வெச்சுடுங்க அண்ணாத்த. வெச்சா என் பசங்க அந்தப் பக்கம் போவமாட்டானுங்க, எனக்கும் நல்லது." கெட்டிக்காரர்! அதே காரணத்துக்காக வேண்டாம் என்கிறார்கள் நம் அணியினர். பெயரில்லாமல் நின்றால்தான் எதிரி நம்பி வந்து மாட்டும் பொறியாக நிற்பாராம். ஒருவர் பயத்துக்குப் பெயர் தருகிறார், மற்றவர் லாபத்துக்குப் பெயரை மறுக்கிறார். பாடுபட்டவன் மனத்தை யாராவது கேட்டீர்களா? அணிக்குப் பொறியாகவே ஒரு மனிதன் ஆயுள் முழுக்க நிற்க வேண்டுமா? வெல்லும்போது கை வேண்டும், விழாவின்போது பெயர் கூடாதா? எனக்குக் கட்சி எதுவும் இல்லை என்றேன். இந்த இடத்தில் மட்டும் எனக்குக் கோபம் வருகிறது. மாயவன், மேடைக்கு வாருங்கள். நீங்களே சொல்லுங்கள்.

"வாணாங்கண்ணா."

ஒலிபெருக்கிக்கு அருகில் வந்து சொல்லுங்கள். ஏன் வேண்டாம்? அணிக்காகவா?

"அணிக்காக இல்லீங்க. கங்காதரன் மச்சான் சொல்லிகினு இருப்பாரு, பேரு வெச்சதுலேந்து ஒருத்தனும் எம்பக்கம் வர்றதில்லடா, மூலைல சும்மா நின்னுகினு கீறேன்னு. எனக்கு அன்னிக்கு ஆட்டம் பூரா எம்பக்கமே வந்தானுங்க. செம ஆட்டம்ணா அது. பேரு வெச்சுட்டா அப்பறம் நான் யாரோட ஆடறது?"

சாந்தா அம்மா, என்ன சொல்கிறீர்கள்?

"அதுவே சொல்லிச்சில்ல, வுடுங்க. சந்தைல நான் பாத்துக்கறேன்."

அன்பர்களே! கேசவன் தந்த பெயரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறேன். பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், தாய்மார்களுக்கும், பேச விட்ட தலைவருக்கும் நன்றி. கடப்பாக்கத்து வீரர்களே, உங்களுக்கு இந்த ஊரின் சார்பில் ஓர் அழைப்பு: அடுத்த பொங்கலுக்கும் வலது மூலை திறந்தே இருக்கும். தாராளமாக வாருங்கள்! வணக்கம்!