குண்டுவுக்குத் தீனி போடும் முறை

மச்சான், உங்கள் அக்கா சுடும் ரொட்டியில் இப்போதெல்லாம் புளிப்பே இல்லை என்றீர்கள். நாக்கு என்றால் அது உங்கள் நாக்குதான். செய்முறையைச் சொல்கிறேன், காரணம் தானாகப் புரியும்.

முதலில் தாய்மாவு. கண்ணாடி ஜாடியில் கோதுமை மாவும் தண்ணீரும் சம எடை. தினமும் பாதியைத் தூக்கிப் போட்டுவிட்டு, மறுபடி மாவும் தண்ணீரும் கொடுக்க வேண்டும். மாவிலேயே இருக்கும் கிருமிகள் பெருகி, சில நாளில் குமிழ் விட்டுப் பொங்கும். எங்கள் ஜாடியை ஆரம்பித்தது என் மகள். தின்று தின்று ஊதியதால் அதற்கு அவள் வைத்த பெயர் குண்டு.

இரண்டாவது, பதம் பார்ப்பது. ஒரு கரண்டி மாவைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் பொறுங்கள். காய்ச்சல் என்று படுத்த மகள் போன பிறகு, பதம் பார்க்கும் வேலை உங்கள் அக்காவுடையது. "எழுந்திரு கண்ணு, சாப்பிடு" என்று ஜாடியிடம் கொஞ்சுவாள். எனக்கு ஆறிப்போன காபி. அழவும் மாட்டாள், என்னிடம் பேசவும் மாட்டாள். ஊறுகாய் ஜாடி அளவுகூட இல்லாத ஒன்று எனக்குச் சக்களத்தியாக வந்து வாய்த்தது.

அடுத்து, தாய்மாவை மாவில் கலந்து ஊறவிட்டு, உப்பு சேர்த்து, ஈரக்கையால் ஓரங்களை இழுத்து நடுவில் மடிக்க வேண்டும். பொங்கியதும் உருட்டி, மேலே கீறி, நன்றாகச் சூடேறிய மூடி போட்ட சட்டியில் சுட வேண்டும். வெளியே எடுத்ததும் மேல்தோல் படபடவென்று வெடிக்கும். உங்கள் அக்கா காதை வைத்துக் கேட்பாள். "பேசுறா பாருங்க" என்பாள். அவ்வளவுதான் அன்றைக்கு என்னோடு பேச்சு.

ஒரு எச்சரிக்கை. தண்ணீர் கை பொறுக்கும் சூட்டில் இருக்க வேண்டும். கொதிநீர் பட்டால் தாய்மாவு செத்துவிடும். எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அவள் கடைக்குப் போயிருந்தபோது ஒரு கெண்டி நிறைய நான்தான் ஊற்றினேன். பசை காய்ச்சிய வாசனை வந்தது. பிறகு ஜாடியைக் கழுவி, மாவும் தண்ணீரும் கலந்து, ஒரு சிட்டிகை கடை ஈஸ்ட் போட்டேன். அவள் வருவதற்குள் பழைய உயரத்துக்குப் பொங்கியிருந்தது. கடை ஈஸ்ட் கெட்டிக்காரன், ஆனால் புளிக்க வைக்கத் தெரியாது. அது வேறு கிருமிகளின் வேலை.

அவள் கண்டுபிடித்துவிட்டாள் மச்சான். முதல் துண்டை மென்றவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏங்க, இது அவ இல்லங்க. நான்தான் ஏதோ தப்பு பண்ணிட்டேன். அன்னிக்கும் அவளச் சரியாப் பாத்துக்கல, இன்னிக்கும் பாத்துக்கல."

என் தோளில் சாய்ந்து அழுதாள், மகள் போன பிறகு முதல்முறையாக. இப்போது காபி சூடாக வருகிறது. நானும் கல்நெஞ்சக்காரன் இல்லை. முதுகைத் தடவிக்கொடுத்து, அவளை மன்னித்துவிட்டேன்.