சிவப்புக் கூடை

குப்பையைப் பிரித்துக் கொடுக்கிற வீடுகள் எங்கள் வார்டில் குறைவு. எப்சியக்கா வீட்டில் மட்டும் எல்லாம் தனித்தனியாக இருக்கும். சோறும் காய்த்தோலும் பச்சைக் கூடைக்கு, கவரும் அட்டையும் நீலத்துக்கு, டயப்பரும் ஊசியும் சிவப்புக்கு. ஊசிகளைத் தண்ணீர் பாட்டிலில் போட்டு மூடியைத் திருகி வைத்திருப்பார். என் கையில் குத்திவிடக் கூடாதாம்.

என் பெயர் பாண்டிசெல்வி, எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் அய்யா. ராஜபாளையத்தில் தூய்மைப் பணியாளர். ஐந்தரைக்கு வருகைப் பதிவு, ஆறு மணிக்குப் பேட்டரி வண்டியோடு தெருவில் இருப்பேன். எப்சியக்காவின் மாமியார் ஜெயபாயம்மா சர்க்கரை நோயோடு படுக்கையில் கிடந்தார். தினம் மூன்று டயப்பர், இரண்டு ஊசி வரும். பத்து நாளைக்கு ஒரு காலி இன்சுலின் குப்பி.

மார்ச்சில் ஊசிகள் நின்றுபோயின. டயப்பர் ஆறானது, ஒவ்வொன்றும் நனைந்து கனத்தது. கட்டிவைத்த கவரில் எறும்பு மொய்த்தது. சிறுநீரில் சர்க்கரை இறங்கினால் அப்படித்தான், என் அம்மாவுக்குப் பார்த்திருக்கிறேன். ஒருநாள் நீலக் குப்பையில் மூடி திறக்காத முழுக் குப்பி கிடந்தது. எப்சியக்காவின் கணவர் எட்வின் மாதாமாதம் வாங்கி வைப்பது.

எடுத்துக் காட்டினேன். எப்சியக்கா கதவைப் பிடித்துக்கொண்டார்.

“நாலு வருஷமாச்சு செல்வி. இனிமே என்னால ஏலாது.”

“நீலத்துல போடாதீங்கக்கா. கிடங்குல பிரிக்கிறவங்க பாத்துருவாங்க. டயப்பருக்குள்ள சுருட்டிச் செவப்புல போடுங்க. அத யாரும் பிரிக்க மாட்டாங்க, எரிக்கப் போயிரும்.”

அவர் வழி கேட்கவில்லை அய்யா. நானாகத்தான் சொன்னேன். அந்தத் தெருவில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அவர் ஒருவர்தான். மற்ற வீடுகளில், “குப்பை வந்துருக்கு” என்பார்கள். அந்த ஒரு வாசலை இழக்க எனக்கு மனமில்லை.

எட்வின் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு மில்லில் வேலை பார்க்கிறார். ஒரு காலையில் ஷிப்ட் முடிந்து வந்தவர் என் வண்டியை நிறுத்தினார்.

“யக்கா, அம்மாவுக்குச் சுகர் ஏறிக்கிட்டே போகுதுன்னு டாக்டர் சொல்லுதாரு. ஊசி போடத்தான் செய்யுதேன்னு இவ சொல்லுதா. குப்பையில காலிக் குப்பி வருதா?”

“வருது சார். நேத்துகூட வந்துச்சு.”

அவர் நம்பினார். குப்பையைப் பற்றி என்னைவிட யார் சரியாகச் சொல்ல முடியும்?

அதற்குப்பின் ஒன்பது நாள் ஜெயபாயம்மா இருந்தார். எட்டாம் நாள் காலையில் நான் வாசலில் நின்றபோது ஜன்னல் வழியே குரல் வந்தது. “ஏட்டி, யாரு அங்க? கொஞ்சம் தண்ணி தாட்டி. நாக்கு ஒட்டுதுட்டி.”

நான் விசிலை எடுத்து ஊதினேன். அடுத்த வீட்டைக் கூப்பிட ஊதினேன் என்றுதான் நேற்றுவரை எனக்கே சொல்லிவந்தேன். அடுத்தது பூட்டிக் கிடக்கிற வீடு, அய்யா.